தாமதத்துக்கு எல்.டி. பிடித்தால்: இழப்பீடா, தண்டமா? சப்-கான்ட்ராக்டருக்கான முழு வழிகாட்டி

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு காப்பிக்கடை. டைல்ஸ் வேலை எடுத்துச் செய்யும் அண்ணன் ஒருவர் ஒரு தாளை மேசைமேல் வைத்தார். உபியில் 8 மாடித் தொழிற்கூடக் கட்டடம் ஒன்றில் கழிவறை, நடைபாதை, லாபி டைல்ஸ் வேலையை 240,000 வெள்ளிக்கு எடுத்திருந்தார். வேலை 24 நாள் தாமதமாக முடிந்தது. அவருடைய பணக் கோரிக்கைக்கு மெயின் கான்ட்ராக்டர் அனுப்பிய பதிலில், தாமத இழப்பீடாக, அதாவது எல்.டி.யாக, பிடித்தம் 274,000 வெள்ளி என்று இருந்தது.

“தம்பி, வேலைக்கான பணத்தைவிட அபராதம் அதிகமா இருக்கு. இதை எந்தக் கோர்ட்டும் ஒத்துக்காதுதானே?” என்று கேட்டார்.

நான் பல வருடமாகக் கட்டுமானச் செலவுகளைக் கணக்கிடும் கியூ.எஸ். வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியை இதே வடிவில் எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். சப்-கான்ட்ராக்ட் தொகையைவிட எல்.டி. பெரிதாக இருக்கிறது என்பது மட்டும் சிங்கப்பூரில் வெல்லும் வாதம் இல்லை. வெல்லும் வாதங்கள் வேறு இருக்கின்றன. அவருடைய தாளில் மூன்று இருந்தன, அவர் கண்ணில் ஒன்றுகூடப் படவில்லை. அன்று அவரும் நானும் தாள் தாளாகப் போன அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். தொகைகளைக் கணக்குக்கு வசதியாக முழு எண்களாக வைத்திருக்கிறேன்.

முதலில், நீதிமன்றம் எதைப் பார்க்கிறது?

எல்.டி. என்று நாம் சுருக்கிச் சொல்வது முன்கூட்டியே பேசி வைத்த இழப்பீடு. தாமதமானால் நாளைக்கு இவ்வளவு என்று இரு தரப்பும் கையெழுத்துப் போடும்போதே ஒத்துக்கொள்கிறார்கள். பிறகு தாமதம் நடந்தால், உண்மையில் எவ்வளவு நட்டம் என்று ரசீது காட்டி நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தத் தொகை நட்டத்தை ஈடுகட்டும் நோக்கத்தில் வைக்கப்பட்டிருந்தால் செல்லும். ஆளை மிரட்டி வேலை வாங்குவதற்காக வைக்கப்பட்டிருந்தால் அது தண்டம், செல்லாது.

இரண்டையும் பிரிக்கும் அளவுகோல் 1914-ல் இங்கிலாந்தில் தீர்ப்பான டன்லப் டயர் வழக்கிலிருந்து வருகிறது. விலைப்பட்டியலுக்குக் கீழே விற்ற ஒவ்வொரு டயருக்கும் 5 பவுண்டு கட்ட வேண்டும் என்ற ஒப்பந்தம் அது. அந்த 5 பவுண்டு தண்டம் இல்லை என்றுதான் தீர்ப்பு வந்தது. அதை எப்படிச் சோதிப்பது என்று அங்கே சொன்ன விதிகள் நின்றுவிட்டன.

2015-ல் இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் மக்டெஸ்ஸி வழக்கில் அந்த அளவுகோலை மாற்றியது. நட்டத்தை மட்டும் பார்க்க வேண்டாம், ஒப்பந்தம் ஒழுங்காக நடப்பதில் எதிர்த்தரப்புக்கு நியாயமான அக்கறை ஏதும் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்றது. இது எல்.டி. பிடிப்பவருக்குச் சாதகமான தளர்வு. சிங்கப்பூர் அந்த வழியில் போகவில்லை. 2020-ல் டென்கா எதிர் செராயா எனர்ஜி என்ற வழக்கில் நம் மேல்முறையீட்டு நீதிமன்றம் டன்லப் அளவுகோலே இங்கு நிற்கும் என்று தீர்ப்பளித்தது. அது மின்சார விற்பனை ஒப்பந்தம் பற்றிய வழக்குதான், ஆனால் கட்டுமான ஒப்பந்தங்களுக்கும் அதே சட்டம். ஆகவே இணையத்தில் இங்கிலாந்துக் கட்டுரையைப் படித்துவிட்டு “நியாயமான அக்கறை இருந்தால் போதுமாம்” என்று யாராவது சொன்னால், அது இங்கே பொருந்தாது. இங்கே கேள்வி நட்டத்தைப் பற்றியதுதான்.

இன்னொன்றையும் ஆரம்பத்திலேயே மனதில் வைக்க வேண்டும். இது தண்டம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். நம் கதையில் அது அண்ணனின் வேலை.

படி 1: எந்த வகைப் பிடித்தம் என்று பிரியுங்கள்

பிடித்தம் செய்யும் வாசகத்தை ஒப்பந்தத்தில் தேடிப் பிடித்து, இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: இந்தப் பணம் ஒப்பந்தத்தை மீறினால் மட்டும் வருகிறதா? தண்டம் பற்றிய விதி மீறலுக்காகக் கட்டும் பணத்துக்குத்தான். குறித்த தேதியில் முடிக்காதது மீறல், அதனால் தாமத எல்.டி. இந்த விதிக்குள் வரும். சீக்கிரம் முடித்தால் போனஸ், முடிக்காவிட்டால் போனஸ் இல்லை என்று எழுதியிருந்தால் அங்கே மீறலே கிடையாது, தண்ட வாதமும் எடுபடாது. வாசகத்தின் உருவத்தை மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தை நீதிமன்றம் பார்க்கும் என்பதால், தண்டத்துக்குப் போனஸ் வேடம் போட்டுத் தப்பிப்பதும் எளிதல்ல.

இரண்டாவது கேள்வியைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அது நாளைக்கு இவ்வளவு என்ற நிர்ணயத் தொகையா, அல்லது “உரிமையாளர் எங்கள்மேல் போடும் எல்.டி.யில் உங்களால் வந்த பங்கை நீங்கள் ஏற்க வேண்டும்” என்ற வாசகமா? பின்னது உண்மையில் எல்.டி. இல்லை, வந்த நட்டத்தை ஈடுசெய்யும் உறுதிமொழி. அதில் உரிமையாளர் உண்மையிலேயே பணம் பிடித்தாரா, பிடித்ததில் எவ்வளவு உங்கள் வேலையால் வந்தது என்பதை மெயின் கான்ட்ராக்டர்தான் காட்ட வேண்டும். உங்கள் ஒப்பந்தம் இந்த வகை என்றால் சண்டையின் களமே வேறு.

“அபராதம்” என்று தலைப்பில் இருப்பதும் “எல்.டி.” என்று இருப்பதும் முடிவைத் தீர்மானிக்காது. நீதிமன்றம் பெயரைத் தாண்டித்தான் பார்க்கும்.

அண்ணனின் ஒப்பந்தத்தில் இருந்தது நிர்ணயத் தொகை. ஒரே பிரிவுக்குள் மூன்று உட்பிரிவு:

அ. வேலை முடியும் தேதி தாண்டினால் நாளைக்கு 8,000 வெள்ளி.

ஆ. டைல்ஸ் சாம்பிள், பொருள் பட்டியல், தினசரி ஆள் கணக்கு இவற்றில் எதைக் கொடுக்கத் தாமதித்தாலும் அதே 8,000 வெள்ளி, நாள்தோறும்.

இ. தாமதம் 7 நாளைத் தாண்டினால், மேற்கண்டவற்றோடு கூடுதலாக மொத்தத் தொகை 50,000 வெள்ளி.

பிடித்தக் கணக்கு இப்படி: 24 நாளுக்கு 192,000. பொருள் பட்டியல் 4 நாள் பிந்தியதற்கு 32,000. அப்புறம் 50,000. மொத்தம் 274,000.

படி 2: கையெழுத்துப் போட்ட நாளுக்குத் திரும்பிப் போய்க் கணக்குப் போடுங்கள்

இந்தப் படியை நிதானமாகச் செய்யுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் உள்ள தொகையை எதோடு ஒப்பிட வேண்டும்? உங்கள் சப்-கான்ட்ராக்ட் விலையோடு இல்லை. உண்மையில் நடந்த நட்டத்தோடும் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான நாளில் நின்று பார்த்தால், அந்த மீறலால் எதிர்த்தரப்புக்கு வரக்கூடும் என்று எண்ணக்கூடிய மிகப் பெரிய நட்டம் எவ்வளவோ, அதோடு ஒப்பிட வேண்டும். தொகை அதைவிட மனசாட்சிக்கு ஒவ்வாத அளவுக்கு அதிகமாக இருந்தால் அது தண்டம். நட்டத்தைத் துல்லியமாகக் கணிக்க முடியாத நிலை இருந்தால்கூட நியாயமான முன்கணிப்பு செல்லும். சொல்லப்போனால், அப்படிப்பட்ட இடங்களில்தான் இரு தரப்பும் பேசி ஒரு தொகை வைப்பதற்குக் காரணமே இருக்கிறது.

சரி, மெயின் கான்ட்ராக்டரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். உரிமையாளரோடு அவர் போட்ட ஒப்பந்தத்தில் எல்.டி. நாளைக்கு 6,000 வெள்ளி. தளத்தை ஒரு நாள் கூடுதலாகத் திறந்து வைக்க அவருக்கு ஆகும் செலவு 2,500 வெள்ளி: சைட் ஆட்களின் சம்பளம், வாடகை இயந்திரம், தற்காலிக அலுவலகம், பாதுகாப்பு. டைல்ஸ் வேலை தாமதமானால் மொத்தக் கட்டடமும் நிற்கலாம். அப்படி நடந்தால் அவருடைய நட்டம் நாளைக்கு 8,500. அவர் கேட்பது 8,000.

அண்ணனிடம் இதை எழுதிக் காட்டியபோது அவர் முகம் வாடியது. 240,000 வெள்ளி வேலைக்கு நாளைக்கு 8,000 என்றால் 30 நாளில் முழு வேலையும் போய்விடும். அவர் நட்டம் அவருக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் சட்டம் பார்ப்பது எதிர்த்தரப்பின் நட்டத்தை. சின்ன வேலை செய்பவர் பெரிய கட்டடத்தை நிறுத்த முடியும், அதனால் சின்ன வேலைக்குப் பெரிய எல்.டி. இருப்பது தானாகவே தண்டம் ஆகாது. உட்பிரிவு ‘அ’ பெரும்பாலும் நிற்கும் என்று அவரிடம் சொன்னேன்.

“அவங்களுக்கு உரிமையாளர் கூடுதல் நாள் கொடுத்துட்டாரு தம்பி. ஒரு வெள்ளிகூடக் கட்டலையாம். அப்புறம் என்கிட்ட எதுக்கு?”

நியாயமான கேள்வி, கேட்பவர் வயிற்றெரிச்சலும் புரிகிறது. ஆனால் சோதனை ஒப்பந்தம் போட்ட நாளில் நடப்பதால், பின்னால் உண்மையில் நட்டம் வரவில்லை என்பது மட்டும் ‘அ’வைத் தண்டமாக்காது. அதே காரணத்தால், உண்மை நட்டம் 8,000-ஐத் தாண்டியிருந்தாலும் அதே தாமதத்துக்கு மேலும் கேட்க முடியாது. எல்.டி. இரு பக்கமும் வெட்டும் கத்தி. (படி 1-ல் சொன்ன ஈடுசெய்யும் வகை ஒப்பந்தமாக இருந்திருந்தால், உரிமையாளர் எதுவும் பிடிக்கவில்லை என்பது அண்ணனைக் காப்பாற்றியிருக்கும்.)

படி 3: ஒரே தொகை, பல தவறுகள்

டன்லப் விதிகளில் ஒன்று சப்-கான்ட்ராக்டருக்கு உண்மையில் பயன்படும். பெரிதும் சிறிதுமான பல தவறுகளுக்கு ஒரே தொகை வைத்திருந்தால், அது தண்டம் என்ற அனுமானம் எழுகிறது. சின்ன தவறுக்கும் பெரிய தவறுக்கும் ஒரே நட்டம் வர வழியில்லை, அப்படியென்றால் நட்டத்தை யாரும் கணிக்கவே இல்லை என்பதுதான் காரணம். அனுமானம் என்பதால், எதிர்த்தரப்பு காரணம் காட்டி அதை உடைக்க இடமுண்டு.

உட்பிரிவு ‘ஆ’வைப் பாருங்கள். தினசரி ஆள் கணக்கைக் கொடுக்கத் தாமதித்தாலும் 8,000, கட்டடமே முடியாவிட்டாலும் 8,000. ஆள் கணக்கு ஒரு நாள் பிந்தினால் சைட் அலுவலகத்தில் ஒருவர் போன் போட வேண்டியிருக்கும். அதற்கு 8,000 வெள்ளி நட்டம் என்று யாரும் நேர்மையாகச் சொல்ல முடியாது.

மெயின் கான்ட்ராக்டர் தரப்பு இதற்கு ஒரு பதில் வைத்திருக்கும். பொருள் பட்டியல் 4 நாள் பிந்தினால் டைல்ஸ் ஆர்டர் பிந்தும், கப்பல் பிந்தும், கடைசியில் கட்டடமே பிந்தும், அதுதான் எங்கள் நட்டம் என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் கட்டடம் பிந்தினால் வரும் நட்டத்துக்கு ஏற்கெனவே ‘அ’ இருக்கிறது. ஒரே நட்டத்துக்கு ‘அ’விலும் ‘ஆ’விலும் இரண்டு முறை பணம் கேட்க முடியாது. ‘அ’ எடுத்துக்கொண்டதுபோக ‘ஆ’வுக்கு மிஞ்சுவது அலுவலகத் தொந்தரவு மட்டும். இந்த ஒரு வரியில் ‘ஆ’வின் 32,000 பெரும்பாலும் கழன்றுவிடும்.

இதை வாதிடும்போது அளவோடு வாதிட வேண்டும். எங்கோ ஓர் அபூர்வமான கற்பனை நிலைமையைச் சொல்லி, “அந்த ஒரு நிலைமையில் இந்தத் தொகை அதிகம், அதனால் எல்லாம் தண்டம்” என்றால் எடுபடாது. 1993-ல் ஹாங்காங் அரசுக்கு எதிராகப் பிலிப்ஸ் நிறுவனம் நடத்திய வழக்கில், கட்டுமான எல்.டி.யை இப்படிக் கற்பனை உதாரணங்களால் உடைக்க விடக் கூடாது என்று ஹாங்காங்குக்கு அப்போது உச்ச மேல்முறையீட்டு அமைப்பாக இருந்த பிரிவி கவுன்சில் சொன்னது. ஆள் கணக்கும் பொருள் பட்டியலும் கற்பனை இல்லை, தினமும் நடப்பவை, வாசகத்திலேயே எழுதப்பட்டவை. அதனால்தான் நம் வாதம் நிற்கிறது.

படி 4: மொத்தத் தொகையை நாட்களால் சோதியுங்கள்

‘இ’ போன்ற மொத்தத் தொகை வந்தால் அதை நாள் கணக்கில் வைத்துப் பாருங்கள். ‘அ’ நாளைக்கு 8,000 எடுக்கிறது. படி 2-ல் நாம் கண்ட பெரும் நட்டம் 8,500. ஆக ‘அ’ ஈடுசெய்யாமல் விட்டது நாளைக்கு 500 வெள்ளி. 8-ஆம் நாளில் அது சேர்ந்து 4,000 ஆகியிருக்கும். அன்றைக்கு ‘இ’ கேட்பது 50,000.

முழுதாகக் கூட்டினால், 8-ஆம் நாளில் ‘அ’வும் ‘இ’யும் சேர்ந்து 114,000, அதுவரை வந்திருக்கக்கூடிய பெரிய நட்டம் 68,000. இரண்டும் சமமாகும் நாள் 100-வது நாள்: 850,000. அதாவது தாமதம் மூன்று மாதத்தைத் தாண்டிப் போனால்தான் ‘இ’ நட்டத்தோடு ஒத்துவருகிறது. பின்னால் வரும் பெயின்ட், சீலிங் ஆட்களின் காத்திருப்புச் செலவும் உண்டே என்று எதிர்த்தரப்பு நாளைக்கு இன்னொரு 1,000 சேர்த்தாலும், 8-ஆம் நாளில் நட்டம் 76,000 தான். மேலும், 8 நாள் தாமதத்துக்கும் 80 நாள் தாமதத்துக்கும் அதே 50,000. தாமதத்தின் நீளத்தோடு கூடாத தொகை தாமத நட்டத்தின் கணிப்பாக இருப்பது கடினம். என் கண்ணில் மூன்றில் மிகப் பலவீனமானது ‘இ’தான்.

இதே சோதனையை இன்னோர் இடத்திலும் போட்டுப் பாருங்கள். கட்டடத்தின் ஒரு பகுதியை உரிமையாளர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டு பயன்படுத்தத் தொடங்கியிருந்தால், மீதிப் பகுதிக்கும் முழு எல்.டி.யா? மெயின் கான்ட்ராக்டில் அந்த விகிதத்துக்குக் குறைக்கும் வாசகம் இருந்து, உங்களுடையதில் இல்லாவிட்டால் அதைக் குறித்து வையுங்கள்.

படி 5: நாட்களை எண்ணுங்கள்

தண்டம் பற்றிய வாதத்திலேயே மூழ்கி, நாட்களை எண்ண மறப்பவர்கள் நிறைய. ‘அ’ செல்லும் என்றாலும் எத்தனை நாளுக்குச் செல்லும்?

அண்ணனுக்கு 5-வது, 6-வது மாடிகளை ஒப்படைக்க வேண்டிய தேதியில் அங்கே சாரம் அவிழ்க்கப்படவே இல்லை. 13 நாள் கழித்துத்தான் இடம் கிடைத்தது. தன் செயலால் ஒருவரைத் தாமதிக்கவைத்துவிட்டு அந்தத் தாமதத்துக்கே எல்.டி. பிடிக்க முடியாது. ஒப்பந்தத்தில் கூடுதல் காலம் தரும் வழி இருந்தால் அந்த வழியில் நாட்களைக் கூட்ட வேண்டும். அதற்கான வழியே ஒப்பந்தத்தில் இல்லையென்றால் முடிக்கும் தேதியே ஆட்டம் கண்டு, எல்.டி. எண்ணுவதற்கு ஆரம்ப நாளே இல்லாமல் போகலாம்.

ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் வழி இருக்கும், அதோடு ஒரு கெடுவும் இருக்கும். கட்டடக் கலைஞர் கழகத்தின் எஸ்.ஐ.ஏ. மாதிரி ஒப்பந்தத்தில் 28 நாளுக்குள் அறிவிப்பு கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் கூடுதல் காலம் இல்லை. சப்-கான்ட்ராக்டுகளில் அது 14 நாள், 7 நாள் என்று சுருங்குவதைப் பார்க்கிறேன். அண்ணனுடையதில் 14.

இங்கே அவரைக் காப்பாற்றியது அவருடைய சூப்பர்வைசர். 3-வது நாளே மெயின் கான்ட்ராக்டரின் திட்ட மேலாளருக்கு மின்னஞ்சல் போட்டிருந்தார், நான்கு படத்தோடு. 5-வது மாடியில் இன்ன தேதியில் இடம் தர வேண்டும், இன்று வரை சாரம் நிற்கிறது, எங்கள் ஆட்கள் 9 பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள், இதனால் கூடுதல் காலம் கேட்கிறோம் என்று நாலே வரி. வாட்ஸ்அப் குழுவில் மட்டும் படம் போட்டிருந்தால் அது ஒப்பந்தம் கேட்கும் அறிவிப்பா என்பதே தனிச் சண்டையாகியிருக்கும்.

அந்த இரண்டு மாடிகளும் அவர் வேலையின் வரிசையில் கடைசி என்பதால் 13 நாளும் நேராக முடியும் தேதியைத் தள்ளின. வேறு மாடியில் வேலை இருந்திருந்தால் 13 நாளும் கிடைத்திருக்காது. 24-ல் 13 போக 11 நாள். ‘அ’ 88,000 ஆனது.

படி 6: வாசகம் ஒன்றாக விழுமா, தனித்தனியாக விழுமா?

‘அ’வும் ‘ஆ’வும் ஒரே பிரிவில், ஒரே தொகையில் எழுதப்பட்டிருந்தன என்று சொன்னேன். இதில் இரண்டு விளைவு சாத்தியம். நீதிமன்றம் உட்பிரிவுகளைத் தனித்தனி என்று பார்த்தால் ‘ஆ’ விழும், ‘அ’ நிற்கும், அண்ணன் 88,000 கட்ட வேண்டும். ஒரே வாசகம், ஒரே தொகை என்று பார்த்தால் ‘அ’வும் சேர்ந்தே விழலாம்.

விழுந்தால் எல்லாம் இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். தண்டம் செல்லாமல் போனாலும் தாமதம் மீறல்தான். மெயின் கான்ட்ராக்டர் உண்மையான நட்டத்தை நிரூபித்து வாங்கலாம். இப்போதுதான் “உரிமையாளருக்கு ஒரு வெள்ளிகூடக் கட்டவில்லை” என்பது அண்ணனுக்கு உதவுகிறது. நிரூபிக்கக்கூடியது 11 நாள் சைட் செலவு மட்டும்: 27,500 வெள்ளி.

ஆகவே 274,000 என்று ஆரம்பித்த பிடித்தத்தின் உண்மையான எல்லை 27,500-க்கும் 88,000-க்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்குப் போவதும், “அநியாயம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு போவதும் ஒன்றில்லை.

படி 7: பணம் வரும் வழி

சிங்கப்பூரில் கட்டுமானப் பணத்துக்கென்று 2005 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் உண்டு, எஸ்.ஓ.பி. சட்டம் என்பார்கள். நீங்கள் பணக் கோரிக்கை கொடுத்தால் எதிர்த்தரப்பு பணப் பதில் தர வேண்டும். ஒப்பந்தம் சொல்லும் கெடுவுக்குள், அதிகபட்சம் 21 நாளில். ஒப்பந்தத்தில் கெடு இல்லையென்றால் சட்டம் வைத்திருக்கும் கெடுவுக்குள். எல்.டி. பிடிப்பதாக இருந்தால் அதைக் காரணத்தோடு அந்தப் பதிலில் எழுத வேண்டும். பதிலில் சொல்லாத காரணத்தை, பிறகு இந்தச் சட்டப்படி தகராறை விசாரிக்கும் நடுவர் கணக்கில் எடுக்கக் கூடாது. அதனால் பணப் பதில் வந்ததும் முதலில் பாருங்கள்: எல்.டி. என்ற வரி இருக்கிறதா, எந்த நாட்களுக்கு, எந்த உட்பிரிவின் கீழ்?

2019 டிசம்பர் 15 முதல் இன்னொரு கட்டுப்பாடும் சேர்ந்தது. நட்டம், சேதம், கூடுதல் செலவு என்று கேட்கும் பகுதியை, தொகையை இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஆவணமோ, ஒப்பந்தப்படி வழங்க வேண்டிய சான்றிதழோ ஆவணமோ துணை நிற்காவிட்டால் நடுவர் ஒதுக்கிவிட வேண்டும். எஸ்.ஐ.ஏ. ஒப்பந்தத்தில் கட்டடக் கலைஞர் தாமதச் சான்றிதழ் கொடுத்த பிறகுதான் எல்.டி.யே ஓடும். அண்ணனின் சப்-கான்ட்ராக்டில் மெயின் கான்ட்ராக்டர் எழுத்தில் தாமத அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று இருந்தது. அது வரவே இல்லை. ஒப்பந்தத்தில் 8,000 என்று எழுதியிருப்பதே ஒத்துக்கொண்ட தொகை ஆகாதா என்று எதிர்த்தரப்பு கேட்கும், அதற்குத் தயாராக இருக்க வேண்டும். ஆனாலும் “அந்த அறிவிப்பு எங்கே?” என்பதுதான் அண்ணனின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்றேன்.

பதில் பிடிக்காவிட்டால் 7 நாள் பேச்சுக் காலம், அது முடிந்து அடுத்த 7 நாளுக்குள் சிங்கப்பூர் சமரச நிலையத்தில் விண்ணப்பம் போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டால் அந்தக் கோரிக்கைக்கு அந்த வழி அடைபடும். இங்கே கிடைக்கும் முடிவு பணத்தை இப்போதைக்கு நகர்த்தும். தண்டமா இல்லையா என்ற முழு வழக்கு பிறகு நடுவர் மன்றத்திலோ நீதிமன்றத்திலோ நடக்கலாம். இந்தக் கட்டத்தில் ஒரு கட்டுமான வக்கீலை ஒரு மணி நேரமாவது பாருங்கள், கணக்குத் தாளை நீங்களே தயாரித்துக்கொண்டு போனால் அந்த ஒரு மணி நேரம் போதும்.

அண்ணன் விண்ணப்பம் வரை போகவில்லை. பேச்சுக் காலத்தின் 5-வது நாள், இரண்டு எண்ணும் மின்னஞ்சல் நகலும் கொண்டு போய் உட்கார்ந்தார். ‘ஆ’வும் ‘இ’யும் அரை மணி நேரத்தில் போயின. மீதிக்கு 52,000-ல் கை குலுக்கினார்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில், கையெழுத்துக்கு முன்னால்

அதே மேசையில் போன மாதம் வேறொரு சப்-கான்ட்ராக்டைக் காட்டினார். இந்த முறை நான் கேட்கச் சொன்னவை மூன்றுதான். காகிதத் தாமதங்களை எல்.டி. பிரிவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்பது. மொத்த எல்.டி.க்கு உச்ச வரம்பு, சப்-கான்ட்ராக்ட் தொகையில் 10 விழுக்காடு என்று ஆரம்பித்து, கிடைக்கும் இடத்தில் நிற்பது. பகுதி ஒப்படைத்தால் விகிதப்படி எல்.டி. குறைய வேண்டும் என்பது. நாளைத் தொகையைக் குறைக்கக் கேட்டுச் சக்தியை வீணாக்க வேண்டாம் என்றேன், அவர்கள் மேலேயிருந்து சுமப்பதைத்தான் கீழே இறக்குகிறார்கள், அதில் அசைய மாட்டார்கள். வரம்பில் அசைவார்கள்.

20 விழுக்காட்டில் வரம்பு கிடைத்தது. கூடுதல் கால அறிவிப்புக் கெடு 7 நாள் என்று இருந்ததை அவரே சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து, சூப்பர்வைசருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.